நிமோனியா: வீட்டுக்கு அனுப்பும் முன் மூச்சை எண்ணச் சொல்லுங்கள்

நீலகிரியில் மட்டுமல்ல, எங்கும் நிமோனியா நோயாளியை மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்புவதா, படுக்க வைப்பதா என்று தீர்மானிக்க கர்ப்-65 என்று ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. பெரியவர்களுக்கு மட்டும்தான், குழந்தைகளுக்குப் பொருந்தாது. ஐந்து விஷயம், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண்: புதிதாக வந்த மனக்குழப்பம், ரத்தத்தில் யூரியா கூடுவது, நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் மூச்சு, பிரஷர் மேலே 90க்குக் குறைவு அல்லது கீழே 60 வரை இறங்குவது, வயது 65 அல்லது அதற்கு மேல். 0, 1 என்றால் பெரும்பாலும் வீடு, 2 என்றால் அட்மிஷன் பற்றி யோசிக்க வேண்டும், 3 அல்லது அதற்கு மேல் ஆபத்து.

சிக்கல் எங்கே என்றால், கூட்டத்தில் யாரும் மூச்சை எண்ணுவதில்லை.

கோத்தகிரி பக்கம் தேயிலை பறிக்கும் 58 வயது அக்கா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சல், இருமல், எக்ஸ்ரேயில் சளி கட்டியிருக்கிறது, பிரஷர் 110/70, பேச்சு தெளிவு. மேலோட்டமாகப் பார்த்தால் பூஜ்யம், "மாத்திரை சாப்பிடும்மா, சரியாயிடும்". கடிகாரத்தை வைத்து ஒரு நிமிடம் முழுசாக எண்ணினால் 32! ஒன்று ஆயிற்று. ரத்தம் எடுத்தால் யூரியா 48, வரம்பு சுமார் 42, ஆக இரண்டு. அதே ரத்தத்தை இன்னொரு லேப் யூரியாவில் உள்ள நைட்ரஜனை மட்டும் கணக்கிட்டு பி.யூ.என். என்று 22 போட்டுத் தரும், அதற்கு வரம்பு 19தான். 22ஐ 42ஓடு ஒப்பிட்டு "நார்மல்" என்று அனுப்பிவிட்டால் அக்கா எஸ்டேட் லயன் வீட்டில் கிடப்பார்.

கர்ப்-65 மதிப்பெண்ணில் ஆக்சிஜன் அளவே கிடையாது. மலை உயரத்தில் நல்லா இருப்பவர்களுக்கே கீழ்நாட்டைவிடக் கொஞ்சம் குறைவாகக் காட்டும், அதைச் சாக்காகச் சொல்லி 88ஐ விட்டுவிடக் கூடாது. 90க்குக் கீழே என்றால் மதிப்பெண் என்னவானாலும் அட்மிஷன்தான். வீட்டில் துணை இல்லை, மாத்திரை வாந்தியாகிறது, ராத்திரி பஸ் கிடையாது என்பதையும் எந்த மதிப்பெண்ணும் பார்க்காது. நீங்கள்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அப்புறம் கார்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லை என்று அரசு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வராதீர்கள், அங்கே படுக்க அட்டை வேண்டியதில்லை. அட்டை முக்கியமாகத் தேவைப்படுவது தனியாருக்குத்தான், அதுவும் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிக்கு, பொதுவாகப் படுத்து சிகிச்சை எடுத்தால். தனியாரில் மாத்திரை வாங்கி வீட்டுக்கு வந்தால் அந்தச் செலவு உங்களுடையது. அட்டைக்கு வேண்டிய வருமானச் சான்றுக்கு வி.ஏ.ஓ.வைத் தேடி அலைவதை நோய் வரும் முன்பே முடித்துவிடுங்கள், மூச்சு வாங்கும்போது கையெழுத்துக்கு நிற்க முடியாது.

வீட்டுக்கு அனுப்பினால் ஓ.பி. சீட்டில் மூச்சு, பிரஷர், ஆக்சிஜன் மூன்றையும் எழுதி வாங்குங்கள். 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்காவிட்டால் அந்தச் சீட்டோடு திரும்பப் போங்கள். அதற்கு முன்பே மூச்சு கூடினாலோ பேச்சு குழறினாலோ 108.