சிவப்பு மைக் குறிப்பைப் படித்த மாணவர் அடுத்து என்ன செய்வார்?

விடைத்தாளில் குறிப்பு எழுதுவது பற்றி ஆசிரியர்களுக்கு அரைநாள் பயிற்சி நடத்தும்போது நான் விதிமுறைகளில் தொடங்குவதில்லை. ஆளுக்கு மூன்று விடைத்தாள் நகல்கள், அவர்களே திருத்தியவை, மாணவர் பெயரை மறைத்துக் கொண்டுவரச் சொல்வேன். 9.30 மணிக்கு அவற்றைப் பக்கத்தில் இருப்பவரிடம் மாற்றிக்கொடுக்க வேண்டும். வாங்கியவர் ஒவ்வொரு குறிப்பின் அருகிலும், இதைப் படித்த மாணவர் அடுத்து என்ன செய்வார் என்று எழுத வேண்டும். "நன்று", "கவனம் தேவை", "தெளிவாக எழுதவும்" ஆகியவற்றுக்குப் பக்கத்தில் எழுத ஒன்றும் கிடைக்காது. நாற்பது நிமிடத்தில் அறை கொஞ்சம் அமைதியாகிவிடும்.

10.10 முதல் 11.30 வரை எல்லோரும் ஒரே விடைக்குக் குறிப்பு எழுதுவார்கள். காற்றடித்தால் ஈரத்துணி ஏன் சீக்கிரம் காய்கிறது என்ற கேள்விக்கு, "காற்று தண்ணீரை இழுத்துக்கொண்டு போய்விடும்" என்று மாணவர் எழுதியிருக்கிறார். முதல் சுற்றில் பெரும்பாலும் "விளக்கம் போதாது" என்றுதான் வரும். இரண்டாம் சுற்றில் சிலர் எதிர்ப்பக்கம் போய், முழு விடையையும் தாங்களே எழுதித் தந்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் மாணவருக்கு யோசிக்க என்ன மிச்சம்? அவர் பார்த்து எழுதுவார், அவ்வளவுதான்.

நாங்கள் கடைசியில் வந்து சேரும் குறிப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும்: "ஈரத்தைக் காற்று அகற்றுகிறது என்பதைப் பிடித்துவிட்டாய். துணியை ஒட்டியிருக்கும் காற்றில் நீராவி நிறைந்திருந்தால் ஆவியாதல் வேகம் என்ன ஆகும்? காற்றடிக்கும்போது அங்கே என்ன மாறுகிறது? இரண்டு வரி சேர்த்து எழுது." விடையில் எது சரி என்பதும் எங்கே இடைவெளி என்பதும் இதில் இருக்கிறது. செய்ய வேண்டிய வேலையும் சிறியது.

தேநீருக்குப் பிறகு 11.45 முதல் 12.30 வரை மதிப்பெண் பற்றிப் பேசுவோம். வாக்குவாதம் இங்கேதான் சூடாகும். ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணையும் குறிப்பையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. எண்ணைப் பார்த்ததும் குறிப்பைப் படிக்காமல் தாளை மடித்துவைக்கும் மாணவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதற்காக மதிப்பெண்ணே கூடாது என்று நான் சொல்வதில்லை. பள்ளி கேட்கும், பெற்றோர் கேட்பார்கள். குறிப்பை முதலில் கொடுத்து, திருத்தி எழுத வகுப்பிலேயே பத்து நிமிடம் ஒதுக்கி, மதிப்பெண்ணை அப்புறம் கொடுத்தால் போதும். அந்தப் பத்து நிமிடம் இல்லையென்றால் எவ்வளவு நல்ல குறிப்பும் வீண்.

"நாற்பது நோட்டுக்கும் இப்படி எழுத முடியுமா?" என்று யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். சரி, முடியாது. பருவத்துக்கு இரண்டு மூன்று வேலைகளுக்கு மட்டும் எழுதுங்கள், மற்றவற்றைச் சரி தவறு போட்டு விடுங்கள் என்பேன்.

கிளம்புமுன் ஒரு வீட்டுப்பாடம் உண்டு. மூன்று வாரம் கழித்துச் சந்திக்கும்போது, உங்கள் குறிப்புக்குக் கீழே மாணவர் சேர்த்து எழுதிய வரிகளோடு மூன்று தாள்களைக் கொண்டுவர வேண்டும்.