ஜிப்பாவின் கசங்கல் போகட்டும், நெசவு இருக்கட்டும்

பினாங்கில் கல்யாண ஆல்பங்களுக்குப் படம் திருத்துவது என் தொழில். அண்மையில் ஒரு பெண் தன் தம்பியின் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்தார். "அண்ணே, ஜிப்பா பிளாஸ்டிக் பை மாதிரி இருக்கு, பாருங்க" என்றார். மாப்பிள்ளை புது ஜிப்பாவைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து அப்படியே போட்டிருக்கிறார். நெஞ்சில் சிலுவைபோல் விழுந்திருந்த மடிப்புக் கோட்டை முன்பு திருத்தியவர் மென்மையான பிரஷ்ஷால் பூசி மறைத்திருந்தார். கோடு போனது, அதோடு நூலும் போய்விட்டது.

துணியின் படத்தில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று மெல்ல மாறும் வெளிச்சமும் நிழலும்; மற்றொன்று நெசவின் நுண்ணிய புள்ளிகள். கசங்கல் பெரும்பாலும் முதலாவதில்தான் இருக்கிறது. பிரஷ் இரண்டையும் சேர்த்து அழிக்கிறது.

அதனால் திருத்தாத மூலப் படத்தை வாங்கி, ஃபோட்டோஷாப்பில் இரண்டையும் பிரித்தேன். லேயரை இரண்டு நகல் எடுத்து, கீழ் நகலுக்கு Gaussian Blur கொடுத்தேன். நூல் மறைந்து, மடிப்பின் நிழல் மட்டும் தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டும். இந்தப் படத்துக்கு 7 பிக்சல் போதுமாக இருந்தது. மேல் நகலில் Apply Image திறந்து, கீழ் நகலைத் தேர்ந்து, 8 பிட் படமாதலால் Subtract, Scale 2, Offset 128 கொடுத்து, கலவை முறையை Linear Light ஆக்கினேன். படம் பழையபடியே தெரிந்தால் பிரிப்பு சரி.

பிறகு கீழ் லேயரில், கோட்டை ஒட்டிய பகுதியை மட்டும் 20 பிக்சல் Feather வைத்த லாஸோவால் சுற்றி மங்கலாக்கினேன். தேர்வு மாலையையோ கழுத்தையோ தொட்டால் அந்த நிறம் துணியில் கசியும். இங்கே அவசரம் ஆகாது.

பாக்கெட் மடிப்பு கூர்மையானது என்பதால், மேல் லேயரிலும் மெல்லிய கோடு மிஞ்சியது. அதற்கு Clone Stamp-ஐ Current Layer-இல் வைத்து, பக்கத்து நெசவை நூல் ஓடும் திசையிலேயே எடுத்து ஒட்டினேன். திசை மாறினால் ஒட்டுப்போட்டதுபோல் தெரிந்துவிடும்.

அக்குளிலிருந்து நெஞ்சுக்கு இறங்கும் சுருக்கங்களை நான் தொடவே இல்லை. கை அசைவதாலும் உடலின் வளைவாலும் வருபவை அவை. அவற்றையும் எடுத்தால் மாப்பிள்ளை அட்டையில் வெட்டிய பொம்மையாகிவிடுவார். நெஞ்சுக் கோட்டைக்கூட முழுதாக அழிக்கவில்லை. திருத்தத்தின் அடர்த்தியைக் குறைத்து, உற்றுப் பார்த்தால் தெரியுமளவு சாயல் விட்டேன்.

ஜரிகைக் கரையில் மட்டும் இந்த முறை உதவவில்லை. அங்கே மங்கலாக்கினால் பொன்னிறம் பக்கத்துத் துணியில் வழிகிறது. Luminosity முறையில் ஒரு Curves லேயர் போட்டு, அதன் மாஸ்க்கைக் கருப்பாக்கி, நிழல் விழுந்த பக்கத்தில் 2 சதவீத Flow வைத்த வெள்ளை பிரஷ்ஷால் தடவி, கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்க வைத்தேன். அந்த விரலகலக் கரைக்கு மட்டும் அரை மணி நேரம் ஆனது.