லிவரி: பொடியன்களின் ரீசேட்டுக்கும் பட்டாவின் கலருக்கும் பொதுவான சொல் எது?

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில், மோட்டார் சைக்கிளும் பட்டா என்ற சிறு லொறியும் வைத்துக் கூரியர் நடத்தும் அண்ணை ஒருவருக்கு அவ்வப்போது நோட்டீஸ், பலகை வாசகம் எழுதிக் கொடுப்பேன். போன மாதம் அவர் கேட்டது வாசகம் அல்ல, ஒரு சொல். வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒரு விதித்தாள் தயாரித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ரீசேட்டுக்குச் சீருடை எண்டு எழுதிப்போட்டன். பட்டாவுக்கும் சைக்கிள் பெட்டிக்கும் ஒட்டியிருக்கிற கலருக்கு என்னண்டு எழுதுறது? வாகனச் சீருடை எண்டால் ஆக்கள் சிரிக்க மாட்டினமோ?"

சிரிப்பார்கள்தான். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லலாம்: லிவரி. பணியாளின் உடுப்பும் அதுதான், பேருந்து, விமானம், பொதி வண்டி ஆகியவற்றின் நிறமும் பட்டையும் அதுதான்.

அந்தச் சொல் வந்த வழி கூரியர்காரருக்குப் பிடிக்கும். லத்தீனில் லீபெராரே என்றால் விடுவித்தல். அதிலிருந்து பிரெஞ்சில் லிவ்ரே, கையிலிருந்து விட்டுக் கொடுத்தல், ஒப்படைத்தல். ஒப்படைக்கப்பட்ட பொருளுக்கும் அதே ஒலிப்பில் லிவ்ரே என்றே பெயர். அதே வேரிலிருந்துதான் டெலிவரியும் வந்தது. லிவரியும் டெலிவரியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

சரி, ஒப்படைக்கப்பட்டது எது? இடைக்காலப் பிரபு தன் வீட்டில் வேலை செய்பவர்களுக்கு உணவும் துணியும் அளந்து கொடுத்தார். நம் ஊரில் படி கொடுப்பது என்பார்களே, ஏறக்குறைய அதுதான். குதிரைக்கு அளந்த தீவனத்துக்கும் இதே பெயர். வாடகைக் குதிரை லாயத்துக்கு ஆங்கிலத்தில் இந்தச் சொல் ஒட்டியது அப்படித்தான். ஒரு பிரபு வீட்டுத் துணியெல்லாம் ஒரே நிறமாக இருந்ததால், நாளடைவில் உணவு கழன்று போய் உடை நின்றது. பிறகு உடையும் கழன்று நிறம் நின்றது. நிறம் வண்டிக்கும் ஏறியது.

சீருடை வேறு வழியால் வந்தது. அது யூனிபோம் என்ற சொல்லுக்கு ஈடு. யூனிபோம் என்றால் ஒரே வடிவம். சீர் என்பதும் ஒழுங்கு, ஒத்த தன்மை. ஆகவே சீருடை சொல்வது 'இவர்கள் எல்லாரும் ஒருமாதிரி' என்பதை. லிவரி சொல்வது 'இவர் இன்னாருடைய ஆள்' என்பதை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் வெள்ளை உடுத்தால் அது சீருடை. எந்தப் பள்ளிக்கூடம் என்று காட்டும் கழுத்துப்பட்டிதான் லிவரியின் வேலையைச் செய்கிறது. யாழ்ப்பாணத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே செய்தித்தாளில் 'சீருடையினர்' என்று படித்தால் யாரும் கூரியர் பொடியனை நினைப்பதில்லை. பிள்ளைகள் தாங்களாகச் சீருடை என்று சொல்லாமல் 'கொம்பனி ரீசேட்' என்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒலிவ் பச்சைத் துணி மலிவாகக் கிடைத்தாலும் அண்ணை அதைத் தொடவில்லை. விளக்கம் கேட்க வேண்டியதும் இல்லை.

'இன்னாருடைய ஆள்' என்று காட்டும் வழக்கம் தமிழுக்குப் புதிதல்ல. சேரர் படை பனம்பூ சூடியது, பாண்டியர் படை வேம்பு, சோழர் படை ஆத்தி. ஏன் சூடினார்கள் என்பதையும் தொல்காப்பியம் புறத்திணையில் சொல்லிவிடுகிறது: மோதும் வேந்தருள் எவர் படை எது என்று தெரிய வேண்டும் என்பதற்காக. லிவரிக்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணம் நான் கண்டதில்லை. பூவில் எழுத்து இல்லை என்பதைக் கவனியுங்கள். தூரத்தில் நிறமும் உருவமும்தான் பேசும்.

அண்ணையின் மோட்டார் சைக்கிள் பெட்டியில் இதைக் கணக்காகவே பார்த்தோம். பெட்டியின் பின்முகம் 40 சென்ரிமீற்றர் அகலம். பலகை எழுதுவோர் கையாளும் பொதுவான அளவு, 3 மீற்றர் தூரத்துக்கு 25 மில்லிமீற்றர் உயர எழுத்து. பின்னால் 15 மீற்றரில் வருபவர் வசதியாகப் படிக்க 12 சென்ரிமீற்றருக்கு மேல் உயரம் வேண்டும். தமிழ் எழுத்து உயரத்தைவிட அகலம் கூடியது. கூ, ணை போன்றவை இன்னும் இடம் பிடிக்கும். ஆகப் பெட்டியில் மூன்று எழுத்துத்தான் அடங்கும். அவருடைய நிறுவனப் பெயரோ பத்து எழுத்து. பத்தையும் அடைத்தால் ஒவ்வொன்றும் 4 சென்ரிமீற்றர். அதை 5 மீற்றருக்குள் வந்தால்தான் படிக்கலாம், அதாவது சந்தியில் சிவப்பு விளக்கில் பெட்டிக்குப் பின்னால் முட்ட நிற்பவர் படிக்கலாம். முதலில் அவர் பெயர், மூன்று தொலைபேசி எண்கள், 'விரைவான நம்பிக்கையான சேவை' எல்லாவற்றையும் அந்த 40 சென்ரிமீற்றருக்குள் வைத்திருந்தார். கே.கே.எஸ். வீதியில் ஓடும்போது அது வெறும் புள்ளிக்கூட்டம்.

இப்போது பின்முகத்தில் ஒரே நிறம், நடுவே குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை, கீழே பெயர். எண் பக்கவாட்டுக்குப் போய்விட்டது. வண்டி ஒழுங்கைக்குள் திரும்பும்போதே நிறம் தெரியும். படலையடியில் நிற்பவரின் மார்பில் தைத்த பெயரை, நாய் குரைக்க எட்டிப் பார்க்கும் அம்மா இரண்டு மீற்றரில் படிப்பார். படலையைத் திறக்கலாமா என்று அவர் முடிவு செய்வது அந்த இடத்தில்தான். ரீசேட்டின் நிறமும் பின்னால் நிற்கும் பெட்டியின் நிறமும் ஒன்றாக இருப்பதைக் கண் தானாகவே சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். உடுப்புக்கும் வண்டிக்கும் ஒரே சொல் வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

எந்த நிறம் என்பது தனிக்கதை. அமெரிக்காவின் யூபிஎஸ் நிறுவனம் 1916 அளவில் மண்ணிறத்தை எடுத்தது. புல்மன் சொகுசு ரயில்பெட்டிகளின் நிறம் அது. கௌரவமாகத் தெரியும், அழுக்கும் காட்டாது. அண்ணை முதலில் விரும்பியது வெள்ளை. வெள்ளை ரீசேட்டோடு கோப்பாய், உரும்பிராய்ப் பக்கம் ஒரு நாள் ஓடிவிட்டு வந்தால் செம்பாட்டு மண் முதுகில் படம் வரைந்துவிடும். சிவப்பு தபால் வண்டிக்கும் இ.போ.ச. பேருந்துக்கும் போய்விட்டது. சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக அடித்தால் எந்தக் குழந்தையும் கோயில் மதில் என்று சொல்லும். கடைசியில் கத்தரிப்பூ நிறம் எடுத்தார். அதிலும் குறை இல்லாமல் இல்லை. வியர்வை காய்ந்தால் உப்பு வெள்ளைக் கோடாகத் தெரியும். ஆகவே ஆளுக்கு மூன்று ரீசேட்.

பிறகுதான் தலையிடி. பெட்டிகளுக்கு ஒரு கடையில் ஸ்ரிக்கர் அடித்து ஒட்டினார். அடுத்த வெயில் காலம் முடியும்போது ரீசேட் கத்தரிப்பூவாகவே இருந்தது, பெட்டிகள் நீலமாகியிருந்தன. மேல்மூடி இன்னும் மோசம், ஏனென்றால் நிமிர்ந்து வெயிலைப் பார்க்கும் பரப்பு எப்போதும் முதலில் வெளிறும். அச்சில் கத்தரிப்பூ என்பது நீலமும் மஜென்ராவும் சேர்ந்த கலவை. மலிவான மையில் மஜென்ராதான் வெயிலுக்கு முதலில் தோற்கும். அது போனால் மிஞ்சுவது நீலம். இதற்கு மாற்று, வெள்ளைத் தாளில் நிறத்தை அச்சடிக்காமல், நிறமே ஊறிய வினைல் தாளை வெட்டி ஒட்டுவது. வளைவுகள் உள்ள இடத்துக்கு காஸ்ற் வகை வினைல் வேண்டும். உருட்டிச் செய்யும் மலிவு வகை தடிப்பானது, நாளாகச் சுருங்கி ஓரம் கிளம்பும். ஓரத்தில் தூசி பிடித்து ஒரு கறுப்புக் கோடு விழுந்தால் சுருங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். பட்டாவின் தட்டையான பக்கப் பலகைக்கு மலிவு வகையே போதும்.

இன்னொன்று, துணியும் வினைலும் கடை விளக்கின் கீழ் ஒத்துப்போய் வெளியில் பிரியும். இரண்டிலும் இருக்கும் சாயம் வேறு, ஒளி மாறினால் ஒவ்வொன்றும் வேறு விதமாகத் தெரியும். துணித்துண்டையும் வினைல் துண்டையும் பக்கத்தில் வைத்து மத்தியான வெயிலில் ஒரு முறை, மாலை தெருவிளக்கில் ஒரு முறை பார்த்துவிட்டு ஓடர் கொடுங்கள். பட்டா முழுவதையும் வேறு நிறமாக்குவதானால் பதிவுப் புத்தகத்தில் எழுதியுள்ள நிறத்தையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்ற வேண்டும். அண்ணை வெள்ளை வண்டியை வெள்ளையாகவே விட்டு, பக்கங்களில் மட்டும் நிறம் போட்டார்.

அப்புறம் சொல்லுக்கு வருவோம். வண்ணப்பூச்சு என்றால் பெயின்ற் மட்டும். இலச்சினை என்றால் அடையாளக்குறி மட்டும். வேடம் என்றால் பொய்யன் மாதிரி ஆகிவிடும். நான் எடுத்துக் கொடுத்தது கோலம். வாசலில் போடுவது நினைவுக்கு வரும், 'என்ன கோலமடா இது' என்ற திட்டும் வரும், தெரியும். ஆனால் மணக்கோலம், திருக்கோலம் என்னும்போது அது ஒருவரை இன்னார் என்று காட்டும் முழுத் தோற்றம். நல்லூர்த் தேரன்று முருகன் பச்சை சாத்தி வரும்போது, கூட்டத்தின் கடைசியில் நிற்பவருக்கும் அது என்ன கட்டம் என்று நிறத்திலேயே தெரிகிறது. முழுமைக்கு நிறுவனக் கோலம், வண்டிக்கு ஊர்திக் கோலம், துணிக்கு வழக்கம்போல் சீருடை. இது என் தெரிவு. அகராதி வேறு சொல்லலாம்.

பழைய பொருளிலிருந்து அண்ணை இன்னொன்றையும் எடுத்துக்கொண்டார். லிவரி என்றால் கொடுக்கப்பட்டது. ரீசேட் விலையைச் சம்பளத்தில் பிடித்தால் அது பிள்ளையின் சொந்தச் சட்டை, விலகும்போது திருப்பிக் கேட்க வாய் வராது. விலகியவன் அதே ரீசேட்டோடு ஒரு படலையில் நின்று பார்சல் காசு வாங்கினால் பழி யாருக்கு? இங்கிலாந்தில் 1390இலும் 1468இலும் தன் வீட்டு வேலையாள் அல்லாதவருக்கு லிவரி கொடுப்பதைக் கட்டுப்படுத்தி விதி போட வேண்டி வந்ததும், பிரபுவின் நிறத்தைப் போட்டுக்கொண்டு அடாவடி செய்தவர்களால்தான்.

விதித்தாளின் கடைசி வடிவம் இப்படி: "நிறுவனக் கோலம் நிறுவனத்தால் கொடுக்கப்படுவது. மூன்று ரீசேட்டிலும் உள்ளே தைத்த எண் உண்டு. விலகும் நாளில் மூன்றையும் பெட்டியையும் ஒப்படைக்க வேண்டும்."

வாசித்த பொடியன் ஒருவன் கேட்டானாம், "அண்ணை, கோலம் எண்டது எங்கட கொம்பனிக் கலரைத்தானே?"

"ஓமடா," என்றாராம். தாளில் கோலம் நிற்கிறது, கடைக்குள் இன்னும் கொம்பனிக் கலர்தான்.