மாத்திரை வாய்க்குள் போகிறதா, டின்னுக்குள் போகிறதா?

“அம்மாவுக்கு ஒரே பிடிவாதம் டொக்டர், சொன்னா கேக்கவே மாட்டாங்க.” ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சீனி கிளினிக்குக்குத் தாய் தகப்பனைக் கூட்டிவரும் பிள்ளைகள் சொல்ல இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. பக்கத்தில் அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். கிளினிக் கொப்பியில் சீனி ஏறிக்கொண்டே போயிருக்கும். மகன் எங்கள் முன்னாலேயே ஒரு ஏச்சு ஏசுவார், சில நேரம் எங்கள் ஆட்களும் சேர்ந்துகொள்வார்கள், அதையும் மறைக்கத் தேவையில்லை.

சமீபத்தில் வாட்டுக்கு வந்த ஒருவருடைய கதையைச் சொன்னால் விளங்கும், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். வயது அறுபதுக்குக் கிட்ட, கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர், கணவர் இறந்து ஒரு வருடம் ஆகிறது. அதற்கு முன் வருத்தத்தை நன்றாகவே பார்த்துக்கொண்டவர். மூன்று மாதச் சீனிச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7.4 இருந்தது, ஒரு வருடத்துக்குள் 10.8க்குப் போய்விட்டது. மருந்து போதவில்லை என்று கிளினிக்கில் சீனியை இறக்கும் கிளிக்லசைட் மாத்திரையைக் கூட்டினார்கள். காலையில் 1 என்று இருந்தது காலையில் 2, இரவில் 2 ஆகிவிட்டது. உண்மையில் அவர் கொடுத்த மாத்திரையில் பாதிகூடப் போடவில்லை. கடதாசிப் பையோடு எடுத்து ஒரு பழைய மைலோ டின்னில் போட்டு வைத்திருக்கிறார்.

தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வந்த மகன் டின்னைப் பார்த்துவிட்டார். கோபம் வரத்தானே செய்யும். “இனி நானே கையில தாறேன்” என்று நேரத்துக்கு நேரம் கொப்பியில் எழுதியிருந்த முழு அளவையும் கொடுத்திருக்கிறார். அம்மாவோ சாயத்தண்ணியும் ரொட்டியில் ஒரு துண்டும் தவிர வேறு சாப்பிடுவதில்லை, பசியே இல்லை. மூன்றாம் நாள் விடியற்காலை உடம்பெல்லாம் வியர்த்து, பேச்சு உளறி, தோட்டத்து லொறியில் கொண்டு வந்தார்கள். சீனி 42. எழுபதுக்குக் கீழே போனாலே அது ஆபத்துத்தான். காகிதத்தில் கூட்டிய அளவு வேறு, உடம்புக்குள் அதுவரை போன அளவு வேறு. அதை ஒரே நாளில் சமப்படுத்தப் போனால் இப்படித்தான் ஆகும். மாத்திரையை விட்டிருந்தவருக்கு மறுபடி தொடங்கும்போது கட்டாயம் கிளினிக்கில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சாப்பிடாதவருக்குக் கிளிக்லசைட் மாதிரி சீனியை இறக்கும் மாத்திரையைத் திணிக்காதீர்கள். இப்படி வியர்த்து உளறினால், விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் 1990 அம்புலன்சுக்கு எடுங்கள். எழும்பி உட்கார்ந்துவிட்டார் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளவும் வேண்டாம், இந்த மாத்திரையில் சீனி திரும்பவும் இறங்கும்.

சரி, அவர் ஏன் போடவில்லை? அவரிடம் தனியாகக் கேட்டபோது, “போட்டு என்ன செய்யப் போறேன் ஐயா” என்றார். இதைத்தான் பிடிவாதம் என்கிறோம், உண்மையில் இது மனச்சோர்வு.

பிடிவாதக்காரர் எப்படி இருப்பார் தெரியுமா? சண்டை போடுவார். “எனக்கு இந்த மாத்திரை ஒத்துவராது, வயிறு எரியுது” என்று காரணம் சொல்வார். லட்டு வேண்டும் என்றால் லட்டுத்தான் வேண்டும். வேண்டியது எது என்று அவருக்குத் தெரியும். மனச்சோர்வில் இருப்பவருக்கு வேண்டியது என்று ஒன்றுமே இருக்காது, லட்டும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். சீனி வருத்தத்தைச் சமாளிப்பது சும்மா வேலையா? காலையில் எழும்பி, நேரத்துக்குச் சமைத்து, சாப்பாட்டை அளந்து, மாத்திரையை நினைவு வைத்து, காலைக் கழுவிப் பார்த்து, மாதத்தில் ஒரு நாள் இருட்டோடு பஸ் ஏறி வெறும் வயிற்றோடு வரிசையில் நின்று இரத்தம் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ‘நாளைக்கு நான் நல்லா இருக்கணும்’ என்ற நினைப்பு ஒன்று வேண்டும். அந்த நினைப்பையே மனச்சோர்வு எடுத்துவிடுகிறது. அப்படிப்பட்டவரை ஏசினால் மாத்திரை போட மாட்டார், டின்னை வேறு இடத்தில் ஒளிப்பார், அவ்வளவுதான். சீனி ஏற ஏற உடம்பு இன்னும் தளரும், மனமும் அதோடு சேர்ந்து இறங்கும். இது லேசில் வராத ஒன்று என்றும் நினைக்க வேண்டாம். மற்றவர்களைவிட நீரிழிவுள்ளவர்களுக்கு மனச்சோர்வு ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம்.

“சீனி கூடினாலும் சோர்வாத்தானே இருக்கும், எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?” என்று மருமகள் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. சீனி கூடியவர் களைத்திருப்பார், ஆனால் பேரப்பிள்ளை ஓடிவந்தால் முகம் மாறும். இரவில் சிறுநீருக்கு எழும்புவார், தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தால் தூங்கிவிடுவார். மனச்சோர்வில் இருப்பவர் மூன்று மணிக்கே முழித்து, விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். கோயிலுக்குப் போவதை நிறுத்துவார், தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை, பக்கத்துக் காம்பராவில் போய்க் கதைப்பதில்லை. அழுதுகொண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், பலர் அழுவதேயில்லை, வெறுமனே சுருங்கிவிடுவார்கள். இரண்டும் ஒருவருக்கே இருக்கவும் கூடும். தைரொயிட் குறைந்தாலும், சீனிக்கு மெட்ஃபோர்மின் மாத்திரை பல வருடம் போட்டதில் பி12 குறைந்தாலும் இப்படிச் சோர்வு வரும், அதை இரத்தத்தில் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை.

வீட்டில் உங்கள் வேலை இரண்டே இரண்டு. ஒன்று, கிளினிக் நாளுக்கு முந்தின இரவு மீதி மாத்திரையை எண்ணுவது. நாளுக்கு 3 என்றால் 28 நாளைக்கு 84. பையில் நாற்பது மிஞ்சியிருந்தால் ஏசாமல் அந்தப் பையை அப்படியே எங்களிடம் கொண்டு வாருங்கள், எனக்கு அது கொப்பியைவிடப் பெறுமதி. இன்னொன்று, கால்களைப் பார்ப்பது. மனம் விட்டவர் முதலில் கைவிடுவது காலைத்தான். ஆனி ஆடி மழைக்குளிரில் அடுப்போரம் காலை நீட்டிக் குளிர் காய்ந்து, சீனி வருத்தத்தால் காலில் உணர்ச்சி இல்லாமல் போனதில் தோல் வெந்ததே தெரியாமல் வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அட்டை கடித்த இடம் ஆறாமல் இருப்பதையும் வீட்டில் ஒருவர் பார்த்தால்தான் உண்டு.

எண்ணிக்கை இடித்தாலோ, முகம் மாறியிருந்தாலோ, இரண்டு கேள்வி கேளுங்கள். போன இரண்டு கிழமையில் முன்பு பிடித்ததில் இப்போது ஆசை இல்லாமல் இருக்கிறதா? மனம் பாரமாக, வெறுப்பாக இருக்கிறதா? பெரும்பாலான நாட்களில் ஆம் என்றால், அடுத்த கிளினிக்கில் அந்தச் சொற்களிலேயே எங்களிடம் சொல்லுங்கள். நாங்கள் மனநலக் கிளினிக்குக்கு அனுப்புவோம். பைத்தியக்காரர்கள் போகும் இடம் அது என்று லயத்தில் யாராவது சொன்னால் காதில் போடாதீர்கள். “செத்துட்டா நல்லம்” என்று ஒரு சொல் வந்தால் கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம். சாகத் தோன்றுகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. மாத்திரை டின், இன்சுலின், மருந்தடிக்கும் போத்தல் எல்லாவற்றையும் கைக்கு எட்டாமல் வையுங்கள். தனியாக விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள். மனநல உதவி இலக்கம் 1926, எந்த நேரமும் எடுக்கலாம்.

மைலோ டின் அம்மாவுக்கு சீனி மாத்திரையைக் குறைத்து, மனச்சோர்வுக்கு நாளுக்கு ஒரு மாத்திரை தொடங்கினார்கள். மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுகிறார், மாத்திரையைச் சோறு சாப்பிட்ட பிறகுதான் எடுத்துக் கொடுக்கிறார். முதல் இரண்டு கிழமை ஒரு மாற்றமும் தெரியவில்லை என்று மகன் கொழும்பிலிருந்து போன் போட்டுக் கோபப்பட்டார். இந்த மருந்துக்கு அவ்வளவு நாள் எடுக்கும், முகத்தில் தெரிய ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். தெளிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் போட வேண்டும். அம்மா சிரிக்கத் தொடங்கிவிட்டார் என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், குறைப்பதை எங்களிடம் விடுங்கள்.