பெட்டியின் மேல் எந்தத் தேதியை எழுதுவது?

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரியும் வாசகி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "எங்கள் நிறுவனத்தின் ஆவணக் கொள்கையைப் படித்துப் பதிவறைக்கு ஓர் அட்டவணை தயாரித்திருக்கிறோம். அதில் விற்பனை பில்லுக்கு 6 ஆண்டுகள் என்று இருக்கிறது. 2020-21 என்று எழுதிய பெட்டிகளில் முதல் பில்லின் தேதி 2020 ஏப்ரல் 10. ஆறு ஆண்டுகள் முடிந்துவிட்டதால், போகிக்குள் அவற்றைக் கிழித்து எடைக்குப் போட்டுவிடலாமா?"

போடக் கூடாது. கொள்கை சரியாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. அட்டவணைக்கு எடுத்து எழுதும்போதுதான் ஒரு துண்டு விடுபட்டுப்போயிருக்கிறது. அவர் அனுப்பிய வாக்கியம் இது: "விற்பனை பில்கள், அந்த நிதியாண்டுக்கான ஜிஎஸ்டி ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்கப்பட்ட பின், நிதி மேலாளரின் எழுத்துமூல ஒப்புதலுடன் துண்டாக்கி அழிக்கப்படலாம், மேல்முறையீடோ விசாரணையோ நிலுவையில் இருப்பின் இது பொருந்தாது."

இவ்வாறான வாக்கியம் ஒவ்வொன்றிலும் பதிவறைக்குத் தேவையான ஐந்து செய்திகள் இருக்கும்: எந்த ஆவணம், எதிலிருந்து எண்ணுவது, எவ்வளவு காலம், முடிவில் என்ன செய்வது, யார் ஒப்புதல் தர வேண்டும். நான்கை எவரும் எளிதில் எடுத்துவிடுவார்கள். 'எதிலிருந்து' என்பது மட்டும் நழுவிவிடும், ஏனெனில் எண் கண்ணில் படுவதைப் போல அது படுவதில்லை. 72 மாதத்தை 6 ஆண்டு என்று எழுதியதில் பிழையில்லை. ஆனால் எண்ணத் தொடங்கும் நாள் இல்லாத 6 ஆண்டு என்பது, எங்கிருந்து என்று சொல்லாமல் 'ஆறு கிலோமீட்டர்' என்று வழி சொல்வதைப் போன்றது.

இதைப் பிடிக்க நான் கையாளும் முறை ஒன்று உண்டு. நிறுவனக் கொள்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். விதியை மனத்துக்குள் தமிழில் சொல்லிப் பார்த்து, 'இருந்து' என்னும் சொல் எதன்மீது போய் ஒட்டுகிறது என்று கவனிப்பேன். 'பில்லின் தேதியிலிருந்து' என்பது ஒன்று. 'நிதியாண்டின் முடிவிலிருந்து' என்பது வேறு. 'தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து' என்பது வேறு. 'தாக்கல் செய்த நாளிலிருந்து' என்பது அதனினும் வேறு. நான்கும் ஒரே பில்லுக்கு நான்கு வெவ்வேறு முடிவு நாள்களைத் தரும். 'இருந்து' ஒட்ட இடமே கிடைக்கவில்லையென்றால் விதி முழுமையற்றது என்று பொருள். அப்போது ஊகித்து நிரப்பாமல், கொள்கையை எழுதியவரிடம் கேட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

வாசகியின் பில்லுக்கே கணக்கிட்டுப் பார்ப்போம். பில் தேதியிலிருந்து எண்ணினால் 2026 ஏப்ரல் 10இல் காலம் முடிகிறது. அவர்கள் செய்தது இதைத்தான். சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 36ஆம் பிரிவு கூறுவது, கொள்கையில் இருப்பதைப் போலவே, ஆண்டறிக்கையின் கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள். 2020-21ஆம் நிதியாண்டுக்கு அந்தக் கடைசி நாள் வழக்கப்படி 2021 டிசம்பர் 31. ஆனால் அந்த ஆண்டு அரசு கெடுவை 2022 பிப்ரவரி 28 வரை நீட்டித்தது. ஆகவே 72 மாதங்கள் நிறைவடைவது 2028 பிப்ரவரி இறுதியில். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே அந்தப் பெட்டிகள் எடைக்குப் போயிருக்கும்.

இந்த நீட்டிப்பை முன்வைத்தே நான் ஒன்றை வலியுறுத்துவது வழக்கம்: அட்டவணையில் முடிவு நாளை எழுதாதீர்கள், தொடக்க நிகழ்வையும் கால அளவையும் மட்டும் எழுதுங்கள். ஒவ்வொரு நிதியாண்டுக்கும் ஆண்டறிக்கையின் கடைசி நாள் எது என்பதைத் தனியாக ஒரு சிறு பட்டியலில் வைத்துக்கொண்டால், கெடு மாறும்போது அந்த ஒரு வரியைத் திருத்தினால் போதும். இல்லாவிட்டால் அட்டவணையில் நூறு வரிகளைத் தேடித் திருத்த வேண்டியிருக்கும். அவற்றில் சில கட்டாயம் விடுபடும்.

இத்துடன் முடியவில்லை. பில் ஒன்றுதான் என்றாலும் அதன்மீது உரிமை கொண்டாடும் சட்டங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை. வாசகியின் நிறுவனம் பிரைவேட் லிமிடெட் என்பதால் 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 128ஆம் பிரிவும் பொருந்தும். நடப்பு நிதியாண்டுக்கு முந்தைய 8 நிதியாண்டுகளின் கணக்குப் புத்தகங்களையும் அவற்றுக்கான வவுச்சர்களையும் வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. இங்கே 'இருந்து' பின்னோக்கித் திரும்பி நிற்பதைக் கவனியுங்கள்: நிற்கும் ஆண்டிலிருந்து எட்டு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். 2028-29இல் நின்று பின்னால் எண்ணினால் எட்டாவதாக வருவது 2020-21. ஆகவே 2029 மார்ச் 31 வரை அந்த ஆண்டின் பில்கள் கணக்குக்கு ஆதாரமாக இருந்தாக வேண்டும். ஒரே தாளுக்கு இரண்டு நாள்கள் கிடைத்தால் பிந்தியதையே எடுக்க வேண்டும். இந்தக் கொள்கையில் ஜிஎஸ்டி விதி மட்டும் இருப்பதால், அட்டவணை தயாரிப்பவர் அந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டிக் கொள்கையைத் திருத்தச் சொல்லவும் வேண்டும்.

வாக்கியத்தின் கடைசித் துண்டான நிலுவை விதிக்கு அட்டவணையில் நிரந்தரமான இடம் கொடுக்க முடியாது, ஏனென்றால் அது ஆவண வகையைப் பொறுத்தது அன்று, குறிப்பிட்ட வழக்கைப் பொறுத்தது. அதே 36ஆம் பிரிவின்படி, மேல்முறையீடோ விசாரணையோ இருந்தால் அதன் இறுதி முடிவுக்குப் பின் ஓராண்டு அல்லது வழக்கமான 72 மாதங்கள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும். நடைமுறையில் இதற்குச் சிவப்பு ஸ்டிக்கர்தான் சிறந்தது. நிறுவனத்தின் சட்டத் துறை எழுத்தில் சொன்னால் ஒட்டுவது, எழுத்தில் சொன்னால் மட்டுமே பிரிப்பது.

பணியாளர் கோப்புகளில் சிக்கல் வேறு விதமானது. 'பணியிலிருந்து விலகிய நாளிலிருந்து' என்று கொள்கை சொன்னால், கோப்பைப் பெட்டியில் வைக்கும்போது அந்த நாள் இன்னும் பிறக்கவே இல்லை. அரசு அலுவலகங்களில் இதற்கு அழகான பழைய வழி உண்டு: கோப்பை முடிக்கும்போதே அதை ஓ.மு., மூ.மு., ப.மு. என்று வகைப்படுத்திவிடுவார்கள். ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு முடிவு என்று கோப்பின் மேலேயே தெரியும். பதிவறை எழுத்தர் கொள்கையைப் புரட்ட வேண்டியதில்லை. இதன் சூட்சுமம், கடிகாரம் கோப்பு முடிந்த பிறகுதான் ஓடத் தொடங்குகிறது என்பதில் இருக்கிறது. தனியார் பதிவறையில் அந்த முடிக்கும் சடங்கு இல்லாததால், ஆண்டுக்கொருமுறை மனிதவளப் பிரிவிடம் விலகியோர் பட்டியலை வாங்கி, அவர்களின் கோப்புகளைத் தனிப் பெட்டிக்கு மாற்ற வேண்டும். இதைச் செய்யாத இடங்களில் பணியாளர் கோப்புகள் எந்நாளும் அழிக்கப்படுவதில்லை; இடம் போதாத ஒரு நாளில் மொத்தமாக அழிக்கப்படுகின்றன.

அட்டவணை சரியாக எடுக்கப்பட்டதா என்று பார்க்க ஒரு விரைவான சோதனை: தொடக்க நிகழ்வு என்ற பத்தியை மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள். எல்லா வரிகளிலும் 'ஆவணத் தேதி' என்றே இருந்தால் யாரும் கொள்கையைப் படிக்கவில்லை, எண்களை மட்டும் பொறுக்கியிருக்கிறார்கள்.

போகியைப் பற்றி என் தனிப்பட்ட கருத்து: ஆயுத பூஜைக்கும் போகிக்கும் அலுவலகத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று காகிதங்களை வெளியேற்றும் வழக்கத்தை நிதி மேலாளர்கள் தடை செய்ய வேண்டும். ஒட்டடையை அடிக்கட்டும், பெட்டியைத் தொட வேண்டாம்.

வாசகி செய்ய வேண்டியது இவ்வளவே. பெட்டிகளின் மேல் '2020-21 விற்பனை பில்கள். மறுபார்வை 2029 ஏப்ரல்' என்று எழுதட்டும். 'அழிக்க' என்று எழுத வேண்டாம், 'அழிக்கப்படலாம்' என்றுதான் கொள்கை சொல்கிறது. அந்த மாதம் சிவப்பு ஸ்டிக்கர் இல்லையென்று உறுதிசெய்து, கையொப்பம் வாங்கி, துண்டாக்கிய பிறகு, எந்தப் பெட்டி, எந்த விதி, யார் ஒப்புதல், எந்த நாள் என்ற நான்கையும் அழிப்புப் பதிவேட்டில் எழுதட்டும். அந்தப் பதிவேட்டுக்கு மட்டும் அட்டவணையில் நிரந்தரம் என்று ஒரு வரி வேண்டும்.