ஒரே பி.எச். 3, இரண்டு தொட்டிகள்

தண்டையார்பேட்டையில் சின்னதாக ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் நடத்துகிறேன். சுற்றுவட்டாரத்தில் இருக்கும் சிறு பட்டறைகளின் கழிவுநீரைச் சோதித்துச் சொல்வதுதான் பெரும்பாலும் வேலை. போன வருஷம் பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் துணி வாஷிங் யூனிட் ஒன்றிலிருந்து போன் வந்தது. பேசியவர் அங்கே தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவர்.

"சார், காஸ்டிக் டூப்ளிகேட்டு சார். கொட்டிக்கினே இருக்கேன், நம்பர் நகரவே மாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி நிறையக் கழுவிய தண்ணீர். காலையில் பி.எச். மீட்டர் 3 என்று காட்டியிருக்கிறது. அவர் இதற்கு முன் மணலி பக்கம் இரும்புக்கு முலாம் பூசும் பட்டறையில் இருந்தவர். அங்கேயும் ஆயிரம் லிட்டர் தொட்டிதான், அதிலும் பி.எச். 3 வரும். அரை டீ கிளாஸ் காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கலக்கினால் 7-க்கு, அதாவது அமிலமும் காரமும் இல்லாத நடுநிலைக்கு வந்துவிடும். இங்கேயும் அதே அளவை ஊற்றினார். மீட்டர் 3.2 காட்டியது. திரும்பத் திரும்ப ஊற்றி மொத்தம் 400 கிராம் போயிருந்தது. நான் பார்த்தபோது 4.1.

காஸ்டிக்கில் ஒரு குறையும் இல்லை. முலாம் பட்டறைத் தொட்டியில் இருந்தது ஹைட்ரோகுளோரிக் அமிலம். இங்கே இருந்தது அசிட்டிக் அமிலம். துணியில் தங்கும் காரத்தைப் போக்க வாஷிங் யூனிட்களில் இதைச் சேர்ப்பார்கள். அன்றைக்கு ஒரு கேனின் அடியில் மிச்சம் இருந்த மூன்று லிட்டருக்கும் கொஞ்சம் கூடுதலான அமிலத்தை யாரோ தொட்டியிலேயே கவிழ்த்துவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் பலருக்கும் குழப்பம் வருகிறது. பி.எச். 3 என்றால் தொட்டியில் இவ்வளவு அமிலம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த எண் அதைச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் தண்ணீரில் எவ்வளவு ஹைட்ரஜன் அயனி தனியாகப் பிரிந்து திரிகிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் தண்ணீரில் விழுந்ததும் அநேகமாக முழுவதுமாகப் பிரிந்துவிடும். அதனால்தான் அதற்கு வலிமை மிகு அமிலம் என்று பெயர். அசிட்டிக் அமிலம் அப்படிப் பிரியாது. இந்தத் தொட்டியில் இருந்த அளவுக்குக் கணக்குப் போட்டால், 58 மூலக்கூறில் ஒன்றுதான் பிரிந்திருக்கும். மீதி 57 மூலக்கூறும் ஹைட்ரஜனை விடாமல் கையிலேயே வைத்திருக்கும். மீட்டருக்கு அவை கண்ணில் படாது.

அவருக்கு இதைக் காசிமேடு மீன் வியாபாரத்தை வைத்துத்தான் விளக்கினேன். இரண்டு பேர் கடை போட்டிருக்கிறார்கள். இருவர் பலகையிலும் பத்துப் பத்து மீன். ஒருவரிடம் இருப்பதே அந்தப் பத்துதான். இன்னொருவருக்குப் பின்னால் ஐஸ் பெட்டியில் இன்னும் 570 மீன் இருக்கிறது. பலகையில் ஒன்று விற்றால் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் போடுவார். பி.எச். மீட்டர் பலகையை மட்டும் எண்ணுகிறது. காஸ்டிக்கோ பெட்டியையும் சேர்த்துக் காலி செய்தாக வேண்டும். பிரிந்திருக்கும் அயனியை அது தீர்க்கத் தீர்க்க, பிரியாமல் இருந்த மூலக்கூறுகள் பிரிந்து அந்த இடத்தை நிரப்பும். எண் நகராமல் நின்றதற்கு இதுதான் காரணம்.

கணக்காகவே பார்த்துவிடலாம். மோல் என்பது மூலக்கூறுகளை எண்ண வேதியியலில் வைத்திருக்கும் அளவு, டஜன் மாதிரி. ஹைட்ரோகுளோரிக் தொட்டியில் பி.எச். 3 என்றால் ஆயிரம் லிட்டருக்கு 1 மோல் அமிலம். கடையில் கிடைக்கும் அடர் ஆசிட்டில் ஏறக்குறைய 100 மில்லி போதும், அவ்வளவு பெரிய தொட்டியே பி.எச். 3 ஆகிவிடும். அதைத் தீர்க்க அதே 1 மோல், அதாவது 40 கிராம் காஸ்டிக். அசிட்டிக் தொட்டியில் அதே 3-க்கு 58 மோல் அமிலம் இருக்க வேண்டும், அதாவது ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. அதைத் தீர்க்க 2 கிலோ 300 கிராம் காஸ்டிக் பிடிக்கும். பாதி தூரம், 1 கிலோ 160 கிராம் போட்ட பிறகும் பி.எச். 4.8-ஐத் தாண்டாது. கழிவுநீரை வெளியே விடுவதற்கான பொது விதிமுறை 5.5 முதல் 9 வரை. அந்த 5.5-ஐத் தொடவே இரண்டு கிலோ வேண்டும்.

இதில் ஒரு முரண் உண்டு. கையாள அதிகக் கவனம் தேவைப்படுவது உண்மையில் ஹைட்ரோகுளோரிக் தொட்டிதான். 40 கிராமில் 7-க்கு வந்த தண்ணீரில் பழக்கதோஷத்தில் இன்னொரு 40 கிராம் போட்டால் பி.எச். நேரே 11-க்கு ஏறிவிடும். காப்பாற்றப் பின்னால் ஐஸ் பெட்டி இல்லை. அசிட்டிக் தொட்டி பாதி வழியில் 40 கிராமுக்கு அசைந்துகூடக் கொடுக்காது. நிறையப் போட்டுப் பழகிய கை, கடைசி நேரத்தில் ஓட்டமாக ஏறும்போதும் அதே வேகத்தில் ஊற்றிவிடுவதுதான் அங்கே நடக்கும் தவறு.

இந்த வேறுபாடு புதிதாகத் தெரிந்ததும் இல்லை. பி.எச். அளவுகோலை 1909-ல் கொண்டுவந்தவர் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த சோரன்சன். நொதிகளின் வேகம், கரைசலில் மொத்தம் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்பதைப் பொறுத்து அல்ல, பிரிந்திருக்கும் ஹைட்ரஜன் அயனியைப் பொறுத்தே மாறுகிறது என்பதால்தான் அதற்கெனத் தனி அளவு அவருக்குத் தேவைப்பட்டது. மொத்த அமிலத்தை அளக்க அதற்கு முன்பே வழி இருந்தது. பள்ளிக்கூடத்தில் பியூரெட்டிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளந்தோமே, அதுதான். ஒரு படி இறங்கினால் அயனி பத்து மடங்கு கூடும் என்பதையும் மறக்கக் கூடாது. 3-க்கும் 4-க்கும் நடுவில் இருப்பது கால்வாசி வித்தியாசம் அல்ல, பத்து மடங்கு.

பட்டறையில் பியூரெட் கிடையாது. அதனால் நான் சொல்லிக்கொடுப்பது இது. 40 கிராம் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் போட்டுக் கரைத்து, ஆறியதும் சரியாக 1 லிட்டர் ஆக்கி, பிளாஸ்டிக் கேனில் பேர் எழுதி மூடி வையுங்கள். கரைக்கும்போது சூடு கிளம்பும், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். தொட்டியை நன்றாகக் கலக்கி, அதிலிருந்து 1 லிட்டர் பக்கெட்டில் எடுங்கள். அளவுக் குழாயிலோ ஊசி போடாத சிரிஞ்சிலோ காஸ்டிக் கரைசலை மில்லி மில்லியாக விட்டு, ஒவ்வொரு தடவையும் கலக்கி, 7 வரும்போது எத்தனை மில்லி போயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். பக்கெட்டுக்கு எத்தனை மில்லியோ, ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு அத்தனை லிட்டர். அன்றைக்குப் பக்கெட்டில் 48 மில்லி வேண்டியிருந்தது. அவர் ஏற்கனவே போட்டிருந்த 400 கிராம் 10 லிட்டர் கரைசலுக்குச் சமம், அதையும் சேர்த்தால் கணக்குப்படி 58 வந்துவிடுகிறது. தொட்டியில் 48 லிட்டர் கரைசலுக்குச் சமமான காஸ்டிக்கை ஊற்றினோம். பி.எச். 3-ல் இருக்கும் ஹைட்ரோகுளோரிக்காக இருந்தால் பக்கெட்டுக்கு 1 மில்லியிலேயே முடிந்திருக்கும்.

சாயங்காலம் மீட்டர் 7 காட்டியதும் வால்வைத் திறக்கப் போனார். நிறுத்தினேன். அமிலம் தீர்ந்தது உண்மை, ஆனால் அது காஸ்டிக்கோடு சேர்ந்து ஆன அசிட்டேட் தண்ணீரிலேயேதான் இருக்கிறது. கால்வாயில் போய் விழுந்தால் நுண்ணுயிர்கள் அதைச் சாப்பிடும், சாப்பிட ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மூன்றரைக் கிலோ அசிட்டிக் அமிலம் ஏறக்குறைய அதே எடை ஆக்சிஜனை இழுத்துவிடும். நல்ல தண்ணீரிலேயே ஆயிரம் லிட்டருக்கு 8 கிராம் போலத்தான் ஆக்சிஜன் கரைந்திருக்கும். பக்கிங்ஹாம் கால்வாயில் அவ்வளவுகூட மிச்சம் இல்லை என்பது இந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு மூக்கிலேயே தெரியும். பி.எச். 7 என்பது சுத்தத்தின் சான்றிதழ் இல்லை. அந்தத் தொட்டி பொதுச் சுத்திகரிப்புக்கு லாரியில் போனது.

அப்புறம் ஒரு விஷயம். இதை எழுத உட்கார்ந்ததற்கே காரணம் அதுதான். அந்தக் கேனில் மிச்சம் இருந்ததைக் கவிழ்த்தவர் கையுறை போடவில்லை. கேட்டதற்கு, "வீக் ஆசிட்தானே சார், வினிகர்தானே" என்றார். வினிகரில் அசிட்டிக் அமிலம் நூற்றுக்கு நாலைந்து பங்குதான். கேனில் வருவது 99 பங்குக்கு மேல். வலிமை குறைந்தது என்பது பிரியும் பழக்கத்தைப் பற்றிய சொல், செறிவைப் பற்றியது அல்ல. அவருடைய மணிக்கட்டில் இரண்டு நாளில் கொப்புளம் வந்தது. பட்டால் சமையல் சோடா தேடி ஓடாமல், குழாயைத் திறந்து 20 நிமிஷம் தண்ணீர் விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த அமிலத்தின் ஆவி ஏறக்குறைய 39 டிகிரியில் தீப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும். அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரைக்கு அடியில் அந்தச் சூடு சாதாரணம். வெல்டிங் நடக்கும் மூலையில் கேனை வைக்காதீர்கள்.

வலிமை குறைந்த அமிலங்களில் நான் மிகவும் பயப்படுவது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டறையில் வெல்டிங் கறையை எடுக்கத் தடவும் பேஸ்ட்டில் நைட்ரிக் அமிலத்தோடு இதுவும் இருக்கும். பிரியாத மூலக்கூறுக்கு மின்னூட்டம் இல்லை, அதனால் தோலைத் துளைத்து உள்ளே போகும். போன பிறகு ஃபுளோரைடு உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். நீர்த்த அமிலமாக இருந்தால் பல மணி நேரம் வலியே தெரியாது. நிறையப் பட்டால் இதயத் துடிப்பே தடுமாறும். இந்தப் பேஸ்ட் இருக்கும் பட்டறையில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் டியூப் ஒன்று கைக்கெட்டும் இடத்தில், காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். பட்டதும் தண்ணீரில் கழுவி, கையுறை போட்டுக்கொண்டு அந்த ஜெல்லைத் தேய்த்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், வலி இல்லாவிட்டாலும். பேஸ்ட் டப்பாவின் லேபிளையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.