பதினொன்றுக்கு வெளியே, இரண்டுக்கு உள்ளே: நாள் வாடகை வீட்டின் விரிப்புக் கணக்கு

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் யாழ்ப்பாணத்து நாள் வாடகை வீடுகள் ஒருநாளும் சும்மா கிடப்பதில்லை. பதினொரு மணிக்கு ஒரு குடும்பம் திறப்பைத் தந்துவிட்டுப் போனால், இரண்டு மணிக்கு அடுத்த குடும்பம் பெட்டிகளோடு வாசலில் நிற்கும். இந்த மூன்று மணித்தியாலத்தில் வேலை பிழைப்பது பெரும்பாலும் கூட்டுவதிலோ துடைப்பதிலோ அல்ல. கழற்றிய விரிப்பையே தோய்த்துக் காயவைத்துத் திரும்ப விரிக்கலாம் என்று நினைப்பதில்தான்.

இரண்டு அறை, இரண்டு டபுள் கட்டில், நாலு பேர் தங்கும் வீடொன்றை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஒரு செற் என்பது மெத்தை விரிப்பு 2, போர்வை விரிப்பு 2, தலையணை உறை 4, குளிக்கும் துவாய் 4, கைத்துவாய் 2, கால்மிதி 1, குசினித் துணி 2. எல்லாம் சேர ஆறு, ஏழு கிலோ வரும். 7 கிலோ மெஷினில் அடங்கும் என்று தோன்றும். ஆனால் அப்படித் திணித்தால் துணி புரள இடமில்லாமல் சவர்க்காரம் சரியாக அலசுப்படாது, துவாயின் பஞ்சும் விரிப்பில் ஒட்டும். ஆகவே விரிப்பு ஒருமுறை, துவாய் ஒருமுறை. ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம், பிறகு கொடியில் காயும் நேரம் வேறு. எந்த வெயிலிலும் இது இரண்டு மணிக்கு முடியாது. கட்டிலில் ஒரு செற், தோய்ப்பில் ஒரு செற், அலுமாரியில் காய்ந்து மடித்தபடி ஒரு செற் என்று மூன்றாவது இருக்கவேண்டும். ஒவ்வொரு கட்டிலுக்குமுரிய விரிப்பையும் உறைகளையும் மடித்து, அதே கட்டிலின் ஓர் உறைக்குள் போட்டு வைத்தால் அவசரத்தில் தேட வேண்டியதில்லை.

உள்ளே போனதும் யன்னல்களைத் திறந்துவிட்டு, ஊறவேண்டியவற்றை முதலில் ஊறவிடுங்கள். இங்குள்ள கிணற்றுநீர் சுண்ணாம்புக் கல்லிலிருந்து வருவதால் பைப்பிலும் ஷவரிலும் வெள்ளைப் படை கட்டும். வினாகிரியில் நனைத்த துணியைச் சுற்றி கால் மணித்தியாலம் விட்டால் தேய்ப்பு பாதியாகக் குறையும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: வினாகிரியோ அமிலமுள்ள ரொய்லெட் திரவமோ பாவிக்கும் குளியலறையில் குளோரின் வெளிற்றும் திரவத்தை ஊற்றவே வேண்டாம். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்னக் குளியலறைக்குள் அது மூச்சை அடைக்கும், நெஞ்சைப் புண்ணாக்கும். "இரண்டும் போட்டால் நல்லா வெளுக்கும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அடுத்தது மின்விசிறி. பழைய விரிப்பு கட்டிலில் இருக்கும்போதே, பழைய தலையணை உறை ஒன்றை இதழுக்கு மேலே மாட்டி இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும், சிந்தியதும் அழுக்கு விரிப்பில்தான் விழும். புது விரிப்புப் போட்டபின் விசிறி நினைவுக்கு வந்தால் கட்டிலை இரண்டாந்தரம் விரிக்க வேண்டிவரும்.

விரிப்பைக் கழற்றும்போது சுருட்டி எறியாமல் ஒவ்வொன்றாக எண்ணுங்கள். துவாய் ஒன்று குறைந்தால் பெரும்பாலும் கதவுக்குப் பின்னாலோ பல்கனிக் கொடியிலோ தொங்கும். மெத்தை ஓரத் தையலையும் தலைமாட்டுப் பலகையின் இடுக்கையும் ரோர்ச் அடித்துப் பாருங்கள். பேனை மை தொட்டதுபோலக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி என்று சந்தேகிக்கலாம். அந்தத் துணியை அங்கேயே பையில் கட்டுங்கள். மற்ற அறைத் துணியோடு சேர்க்கவோ, அன்று அந்த அறையை யாருக்கும் கொடுக்கவோ கூடாது.

கறை பார்ப்பதும் இப்போதுதான், மெஷினில் போட்டபிறகு அல்ல. தலையணை உறையில் தலைக்கு வைத்த எண்ணெய் இருந்தால் பாத்திரம் கழுவும் திரவத்தை நேரே பூசித் தேய்க்க வேண்டும். எண்ணெய் போகாமல் அயன் பிடித்தால் மஞ்சளாக நிலைத்து, நாளடைவில் காறல் மணம் வரும். இரத்தக் கறைக்குக் குளிர்ந்த தண்ணீர் மட்டும். கறியின் மஞ்சள் கறை சவர்க்காரம் பட்டதும் சிவக்கும். பயந்து வெளிற்றும் திரவத்தை ஊற்றவேண்டாம். மஞ்சள் காரத்தில் சிவப்பது இயல்பு. நன்றாக அலசி நேர்வெயிலில் போட்டால் மிச்சம் பெரும்பாலும் மங்கிவிடும். கசூரினா கடற்கரைக்குப் போய் வந்த துவாயை வெளியே உதறிவிட்டுத்தான் மெஷினில் போடவேண்டும், மணல் வடிகாலைக் கெடுக்கும்.

குசினி, பிரிட்ஜ், குப்பை வழக்கம்போல. நிலம் துடைப்பது கடைசி, உள்ளறையிலிருந்து வாசலை நோக்கி.

கொடியில் இருந்து எடுக்கும்போது விரிப்பின் நடுவைத் தொட்டுப் பார்த்தால் போதாது. ஓரத் தையலும் துவாயின் கரையும்தான் கடைசியில் காயும். அங்கே குளிர்ச்சி தெரிந்தால் மடிக்காதீர்கள், அலுமாரிக்குள் போய் மற்றவற்றையும் புளித்த மணமாக்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு துவாய் காய இரண்டு நாள்கூட எடுக்கலாம். அந்த மாதங்களில் மூன்று செற் காணாது, நாலாவது வேண்டும்.